தலையில் கட்டும் தொனி ஸ்கிரிப்ட்டில் எங்கே ஒளிந்திருக்கிறது?

கேள்வி: நாங்கள் குடிநீர் சுத்திகரிப்புக் கருவி விற்கும் சின்ன டீலர். சென்னைக்குத் தெற்கே ஒரு அபார்ட்மென்ட்டில் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் 15 நிமிடம் பேச அனுமதி கிடைத்திருக்கிறது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலந்து வரும் இடம். நான் எழுதிய ஸ்கிரிப்ட்டை வீட்டில் பேசிக் காட்டினேன். "தலையில கட்டப் பாக்குற மாதிரி இருக்கு" என்றாள் மனைவி. அவர்களுக்கு விவரம் தெரிந்த நிறைவு வர வேண்டும், நெருக்குகிறேன் என்று தோன்றக் கூடாது. எதை மாற்றுவது? ஸ்கிரிப்ட்டை இணைத்திருக்கிறேன்.

பதில்:

ஸ்கிரிப்ட்டை இரண்டு முறை படித்தேன். இதைத் திருத்த உட்காரும் யாரும் முதலில் "நம்பர் ஒன்", "அதிநவீன", "100 சதவீதம்" போன்ற சொற்களைத்தான் அடிப்பார்கள். அடியுங்கள், நல்லதுதான். ஆனால் அதற்குப் பிறகும் அந்தத் தொனி அப்படியே நிற்கும். "உங்க குழந்தையோட உடம்பைவிட 15,000 ரூபாய் பெரிசா?" என்ற உங்கள் வரியில் ஒரு மிகைச் சொல்கூடக் கிடையாது. மொத்த ஸ்கிரிப்ட்டிலும் அதுதான் அதிகமாக நெருக்குகிறது.

அதனால் சொற்களை விட்டுவிட்டு ஒவ்வொரு வாக்கியத்திடமும் இரண்டு கேள்வி கேளுங்கள். கேட்பவர் இதை என் உதவி இல்லாமல் சரிபார்க்க முடியுமா? இதற்கு "வேண்டாம்" என்று பதில் சொல்லிவிட்டு அவர் பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் சங்கடமில்லாமல் உட்கார்ந்திருக்க முடியுமா? தாளின் ஓரத்தில் பென்சிலால், சரிபார்க்க முடியும் என்றால் "ச", மறுக்க முடியும் என்றால் "ம" என்று குறித்துக்கொண்டு போங்கள். இரண்டில் ஒன்று இல்லாத வரி எல்லாம் நெருக்கும் வரி. நான் உங்கள் ஸ்கிரிப்ட்டில் இப்படிக் குறித்துப் பார்த்தேன். 41 வாக்கியங்களில் 23 அடிபட்டன. பயப்பட வேண்டாம், அவற்றில் பாதியைத் திருத்தினால் போதும், நீக்க வேண்டியதில்லை.

முதல் வரியிலிருந்தே தொடங்குவோம். "நீங்க குடிக்கிற தண்ணி விஷம்னு உங்களுக்குத் தெரியுமா?" இதைக் கேட்டதும் கூட்டத்தில் இருப்பவர் மனதில் எழுவது ஒரே எண்ணம்தான்: இவர் எதையோ விற்க வந்திருக்கிறார். ஜாக் பிரேம் என்ற அமெரிக்க உளவியலாளர் 1966-லேயே இதைக் கோட்பாடாக எழுதி வைத்தார். தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் பறிபோகிறது என்று உணர்ந்த மனிதர், பறிப்பவர் சொல்வதற்கு எதிர்ப்பக்கம் சாய்வார். சொல்லப்படுவது உண்மையாகவே இருந்தாலும் சாய்வார். பயமுறுத்தித் தொடங்கும் பேச்சில் நீங்கள் பின்னால் சொல்லும் நல்ல தகவலும் இப்படித்தான் வீணாகிறது.

அந்த வரி உண்மையும் இல்லை. குடிநீருக்கான இந்தியத் தர அளவு ஐ.எஸ். 10500. அதன்படி கரைந்த உப்புகளின் மொத்த அளவு, அதாவது நாம் டி.டி.எஸ். என்று சொல்வது, லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை அனுமதி உண்டு. உங்கள் அபார்ட்மென்ட்டில் 900 காட்டினால் அந்த எண்ணை வைத்து விஷம் என்று சொல்ல முடியாது. உப்புக் கரிக்கும், டீயின் சுவை கெடும், அந்த எண் சொல்வது அவ்வளவுதான். அதை அப்படியே சொல்லலாம்.

அதற்கு முன்னால் ஒரு வேலை செய்யுங்கள். கூட்டத்துக்கு முந்தைய வாரம் சங்கச் செயலாளரிடம் அனுமதி வாங்கி, அவரையும் கூட வைத்துக்கொண்டு, மூன்று நாள் தண்ணீரின் டி.டி.எஸ். அளவை மீட்டரில் பார்த்து வாருங்கள். கீழே சம்ப்பில் ஒரு அளவு, ஏதாவது ஒரு வீட்டுச் சமையலறைக் குழாயில் ஒரு அளவு. மூன்றில் ஒரு நாள் லாரி வந்து ஊற்றிய நாளாக இருக்கட்டும். போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் கலக்கும் விகிதம் மாறும்போது எண்ணும் மாறும், ஒரே நாள் அளவை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. பேச்சின் முதல் வரி இப்படி ஆகட்டும்: "வணக்கம், நான் வாட்டர் ப்யூரிஃபயர் விக்கிறவன். போன வாரம் உங்க செயலாளரோட சேர்ந்து மூணு நாள் உங்க தண்ணியை அளந்தோம். செவ்வாய்க்கிழமை 640, வியாழக்கிழமை 910, சனிக்கிழமை 780. இந்த நம்பருக்கு என்ன அர்த்தம்னு முதல்ல சொல்லிடறேன்." எண்கள் நான் உதாரணத்துக்குப் போட்டவை, உங்களுக்குக் கிடைப்பதை எழுதுங்கள். இந்த வரிகளில் "விற்கிறவன்" என்று முதலிலேயே சொல்லிவிட்டீர்கள், யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எண்ணைச் செயலாளரிடம் கேட்டு யாரும் சரிபார்க்கலாம். மீட்டரை மேசைமேல் வைத்துவிடுங்கள், விரும்புகிறவர் வீட்டிலிருந்து ஒரு டம்ளர் கொண்டுவந்து அளந்து பார்க்கட்டும்.

இப்போது உங்கள் ஸ்கிரிப்ட்டின் இரண்டாம் பக்கம், அந்த மின்கம்பி டெமோ. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே இதைப் பல வருடம் செய்தவன். இரண்டு டம்ளர், ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் சுத்திகரித்த தண்ணீர். இரும்புக் கம்பியும் அலுமினியக் கம்பியும் உள்ள கருவியை இரண்டிலும் முக்கி மின்சாரம் கொடுத்தால், ஒரு நிமிடத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பாகி அழுக்குத் திரளும். மற்றது ஏறக்குறைய தெளிவாகவே நிற்கும். "பாருங்க, இதைத்தான் குடிக்கிறீங்க" என்போம். கூட்டம் மூச்சு விடாமல் பார்க்கும்.

ஒரு குடியிருப்பில் நான் அதைச் செய்து முடித்தபோது, ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியை ஒருவர் முன்வரிசையிலிருந்து எழுந்தார். வீட்டுக்குள் போய் ஒரு சிட்டிகை உப்பு எடுத்துவந்து, தெளிவாக இருந்த டம்ளரில் போட்டுக் கலக்கி, "இப்ப திரும்ப வைங்க தம்பி" என்றார். வைத்தேன். அதுவும் பழுப்பானது. "இரும்புக் கம்பி கரையுது. தண்ணில உப்பு இருந்தா கரண்ட் போகும், கம்பி கரைஞ்சு துருவாகும். அழுக்கு தண்ணில இல்ல, கம்பியில இருக்கு," என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். குரலை உயர்த்தவே இல்லை. அவர் சொன்னது முழு உண்மை. அன்று நான் வேலை பார்த்த நிறுவனம் அந்தக் கருவியை எங்கள் எல்லோருக்கும் கொடுத்திருந்தது, அதன் வேதியியலை யாரும் சொல்லித்தரவில்லை. நான் சொன்ன மற்ற எல்லாமும், அதில் உண்மையானவை உட்பட, அந்த நிமிடத்தோடு செத்துப்போயின. அந்த டெமோவை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு அந்த ஒரு சம்பவம் போதும்.

அதற்குப் பதிலாக என்ன காட்டுவது என்று கேட்பீர்கள். மூன்று டம்ளர் வைத்துச் சுவை பார்க்கச் சொல்லுங்கள்: குழாய்த் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறவைத்தது, கேன் தண்ணீர், உங்கள் கருவியின் தண்ணீர். எது எது என்று அடியில் எழுதி ஒட்டுங்கள், குடித்த பிறகு தூக்கிப் பார்க்கட்டும். சிலர் கேன் தண்ணீரைத்தான் விரும்புவார்கள். அப்படி ஒருவர் சொன்னால் "பெரும்பாலும் பழக்கம்தான்" என்று சமாளிக்க வேண்டாம், "சரி" என்று தலையாட்டிவிட்டு அடுத்தவரிடம் போங்கள். ஒருவர் வேறு முடிவு சொல்லியும் நீங்கள் முகம் மாறாமல் நிற்பதைப் பார்த்தால், கூட்டம் தானாகத் தளரும்.

அடுத்து உங்கள் ஸ்கிரிப்ட்டில் இல்லாமலேயே போன பகுதி. மெம்பிரேன் என்ற மெல்லிய சவ்வால் உப்பைப் பிரிக்கும் இந்த ஆர்.ஓ. கருவி யாருக்குத் தேவையில்லை என்று எங்குமே இல்லை. எனக்கு இதுதான் மொத்தத் திருத்தத்தின் மையம். வாங்காமல் இருப்பதற்கான அளவுகோலைக் கேட்பவர் கையில் கொடுத்தால்தான், வாங்குவதற்கான அளவுகோலை அவர் நம்புவார். அதைக் கடைசியில் "குறைகளும் உண்டு" என்று ஒட்டவைக்காதீர்கள், நடுப்பகுதியே அதுவாக இருக்கட்டும். "இருந்தால்" போட்டுப் பேசினால் இது இயல்பாக வரும்:

"டி.டி.எஸ். எப்பவுமே 500-க்குக் கீழ இருக்கிற வீட்டுக்கு, உப்புக்காக ஆர்.ஓ. தேவையில்ல. கிருமிதான் கவலைன்னா, புற ஊதா ஒளியால கிருமியைக் கொல்ற யு.வி. கருவி போதும், இல்லன்னா நல்லா கொதிக்க வைங்க. உங்க இடத்துல அளந்தப்ப 640-லேருந்து 910 வரைக்கும் வந்தது. இந்த அளவுல ஆர்.ஓ. போட்டா சுவை நிச்சயமா மாறும். போடலன்னா ஆபத்தான்னு கேட்டீங்கன்னா, இந்த மீட்டரை வச்சு சொல்ல முடியாது. மீட்டர் உப்பை மட்டும்தான் காட்டும். கிருமி, ஈயம், பூச்சிமருந்து எதுவும் இதுல தெரியாது. அதுக்கு லேப்ல குடுத்துப் பாக்கணும்."

கடைசி மூன்று வரிகளையும் எழுதும்போது கை நடுங்கும். நம் மீட்டரின் எல்லையை நாமே சொல்கிறோம். ஆனால் அந்த எல்லையைச் சொல்லாமல் 910 என்ற எண்ணை மட்டும் காட்டினால், அது கிருமியையும் சேர்த்துக் காட்டுகிறது என்றுதான் பலரும் நினைத்துக்கொள்வார்கள். வாயால் பொய் சொல்லாமல் மௌனத்தால் சொன்ன பொய் அது. லேப் எங்கே என்றும் சொல்லுங்கள். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களிலும் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் கட்டணம் வாங்கிக்கொண்டு பரிசோதிக்கிறார்கள். ஒரு வீடு தனியாகக் கொடுப்பதைவிட சங்கமே ஒரு மாதிரியைக் கொடுத்துப் பார்ப்பது எல்லோருக்கும் பயன்படும்.

வீணாகும் தண்ணீரைப் பற்றி நீங்கள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. லாரித் தண்ணீருக்குக் காசு கொடுக்கும் அபார்ட்மென்ட்டில் இதை மறைத்தால் கட்டாயம் மாட்டிக்கொள்வீர்கள். வீட்டு ஆர்.ஓ. பொதுவாக ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு, மூன்று லிட்டரை வெளியே தள்ளும். நாளைக்கு 15 லிட்டர் எடுக்கும் வீட்டில் 45 லிட்டர் வரை போகும். 2019 மே மாதம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், டி.டி.எஸ். 500-க்குக் கீழே உள்ள இடங்களில் ஆர்.ஓ.வைத் தடை செய்யச் சொல்லி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவிட்டதற்கு இந்த வீணடிப்பு முக்கியக் காரணம். கூட்டத்தில் யாராவது ஒருவருக்கு அது நினைவிருக்கும். அவர் எழுந்து கேட்பதற்குள் நீங்களே சொல்லிவிடுங்கள். கருவி வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் கூடியிருக்கும். 910 உள்ளே போய், 60 உள்ள நல்ல தண்ணீர் ஒரு பங்கும் கழிவு மூன்று பங்கும் என்றால் கழிவில் 1,200-ஐ ஒட்டி வரும். தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம். தொட்டிச் செடிக்கு நாள்தோறும் ஊற்றினால் மண்ணில் உப்பு சேரும். இதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

இப்போது விலை. "ஒரு நாளைக்கு வெறும் 8 ரூபாய்தான்" என்று எழுதியிருக்கிறீர்கள். 15,000-ஐ ஐந்து வருடத்துக்கு வகுத்தால் அந்த எண் வருகிறது, அதில் ஃபில்டர், சர்வீஸ், மெம்பிரேன் எதுவும் இல்லை. கேட்பவர்களில் ஏற்கெனவே ஒரு கருவி வைத்திருப்பவர் நிச்சயம் இருப்பார், வருடாவருடம் சர்வீஸ்காரருக்குக் கொடுத்த காசு அவருக்கு மனப்பாடம். அவர் முன்னால் 8 ரூபாய் என்று சொன்னால் அவர் சிரிப்பார், மற்றவர்கள் அவரைப் பார்ப்பார்கள்.

முழுக்கணக்கைப் பலகையில் எழுதுங்கள். உதாரணத்துக்குக் கருவி 15,000 ரூபாய், முதல் வருடம் இலவச சர்வீஸ் என்று வைப்போம். அடுத்த நான்கு வருடம் ஃபில்டரும் சர்வீஸும் வருடத்துக்கு 3,000, ஆக 12,000. நடுவில் ஒரு முறை மெம்பிரேன் மாற்ற 2,500. ஐந்து வருடத்துக்கு மொத்தம் 29,500. பக்கத்திலேயே கேன் கணக்கு. ஒரு கேன் 40 ரூபாய் என்றால் வாரம் இரண்டு கேன் வாங்கும் வீட்டுக்கு ஐந்து வருடத்தில் 20,800 ஆகும். வாரம் மூன்று என்றால் 31,200. வாரம் நான்கு என்றால் 41,600.

இதிலிருந்து வரும் வாக்கியத்தைப் பாருங்கள்: "வாரம் ரெண்டு கேன் வாங்குற வீட்டுக்கு, காசுக் கணக்குல கேன்தான் லாபம். மூணு கேன்ல ஏறக்குறைய சமம். நாலு வாங்குறீங்கன்னா கருவி லாபம்." இதைக் கேட்கும் ஒவ்வொருவரும் தன் வீட்டு கேனை எண்ண ஆரம்பித்துவிடுவார். அந்த எண்ணல் அவர் மூளையில் நடக்கிறது, நீங்கள் அவரை எங்கேயும் தள்ளவில்லை. இரண்டு கேன் வீட்டுக்காரரை இழக்கிறீர்கள் என்பது உண்மைதான். அவரிடம் விற்றிருந்தால் அவர்தான் மூன்றாம் வருடம் மெம்பிரேன் பில்லைப் பார்த்துவிட்டு சங்க வாட்ஸ்அப் குழுவில் உங்களைத் திட்டியிருப்பார்.

"இன்னைக்கு புக் பண்றவங்களுக்கு மட்டும் 2,000 தள்ளுபடி" என்ற வரியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நாளைக்கு வந்தால் நீங்கள் கொடுக்க மாட்டீர்களா? கொடுப்பீர்கள் என்றால் அந்த வரி பொய். ஆன்லைன் விற்பனையில் இப்படிப் பொய்யான அவசரம் காட்டுவதை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களில் தடுக்கப்பட்ட தந்திரங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது. நேரில் பேசும்போதும் அது அதே தந்திரம்தான். பத்து வீடு சேர்ந்து எடுத்தால் உங்களுக்குப் போக்குவரத்தும் ஆள்கூலியும் உண்மையிலேயே மிச்சமாகும், அதற்காகத் தள்ளுபடி தரலாம். அப்போது காரணத்தோடு சொல்லுங்கள், கடைசித் தேதியை ஒரு மாதம் தள்ளி வையுங்கள்.

"யாருக்கெல்லாம் வேணும், கையைத் தூக்குங்க" என்று முடித்திருக்கிறீர்கள். இது நீங்கள் நினைப்பதைவிடக் கடுமையான நெருக்கல். தினமும் லிஃப்ட்டில் பார்த்துக்கொள்ளும் மனிதர்கள் அவர்கள். கையைத் தூக்காதவர் காசில்லாதவராகத் தெரிவார், தூக்கியவர் வீட்டுக்குப் போய்க் கணவரிடமோ மனைவியிடமோ விளக்கம் சொல்ல வேண்டும். பேர், போன் நம்பர் எழுதச் சொல்லித் தாளைச் சுற்றிவிடுவதும் இதே வகைதான். விசிட்டிங் கார்டைக் கதவோரம் மேசைமேல் வைத்துவிட்டு, வேண்டியவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள். கூடவே ஒரு பக்கத் தாள்: மூன்று நாள் அளவு, ஐந்து வருடக் கணக்கு, "நம் வீட்டில் வாரம் எத்தனை கேன்" என்று நிரப்ப ஒரு காலி இடம். பேசியது மறந்தாலும் அந்தத் தாள் ஃப்ரிட்ஜ்மேல் ஒட்டியிருக்கும்.

இப்படித் திருத்துபவர்கள் இன்னொரு பள்ளத்தில் விழுவார்கள், நானும் பார்த்திருக்கிறேன். நெருக்கக் கூடாது என்ற பயத்தில் எந்தக் கருத்தும் சொல்லாமல் ஆர்.ஓ. வரலாறு, மெம்பிரேன் துளையின் அளவு என்று பாடம் நடத்திவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். கூட்டத்துக்கு அதுவும் ஏமாற்றம்தான். பத்து வருடம் தண்ணீரோடு பழகிய மனிதர் என்ன நினைக்கிறார் என்று தெரிந்துகொள்ளவும்தான் வந்தார்கள். "உங்க இடத்தைப் பாத்த வரைக்கும், நாலஞ்சு பேர் இருக்கிற வீட்டுக்கு நான் போடச் சொல்வேன். ரெண்டு பேர் மட்டும் இருக்கிற வீட்டுக்கு இப்போதைக்கு வேண்டாம்னுதான் சொல்வேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். காரணத்தோடும் எல்லையோடும் வரும் சிபாரிசு யாரையும் நெருக்காது.

எழுதி முடித்ததும் திரும்ப உங்கள் மனைவியிடமே பேசிக் காட்டுங்கள். இந்த முறை "எப்படி இருக்கு" என்று கேட்க வேண்டாம், அதற்கு நல்லா இருக்கு என்றுதான் பதில் வரும். "இந்தக் கருவி எந்த வீட்டுக்குத் தேவையில்லை?" என்று கேளுங்கள். அப்புறம் "ஐந்து வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு ஆகும்?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் தாளைப் பார்க்காமல் பதில் சொன்னார் என்றால் ஸ்கிரிப்ட் தயார். தடுமாறினால் அந்தப் பகுதிக்கு இன்னும் ஒரு நிமிடம் ஒதுக்குங்கள், கருவியின் அம்சங்களைச் சொல்லும் பகுதியிலிருந்து அந்த நிமிடத்தை எடுக்கலாம். அங்கே நான்கு நிமிடம் வைத்திருக்கிறீர்கள், ஒன்றரை போதும்.

கூட்டத்தன்று கேள்விக்கு ஐந்து நிமிடம் மிச்சம் வையுங்கள். முதல் கேள்வி "கடைசியா என்ன விலைக்குத் தருவீங்க?" என்று வந்தால் அவர்கள் இன்னும் உங்களை வியாபாரியாக மட்டும் பார்க்கிறார்கள். "லாரி வர்ற அன்னைக்கு ஏன் அளவு மாறுது?", "எங்க வீட்டுல பழைய மெஷின் இருக்கு, அதோட மெம்பிரேன் போயிடுச்சான்னு எப்படிப் பாக்கறது?" என்று வந்தால் பேச்சு சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது. அந்த இரண்டாவது கேள்விக்குப் பதிலைத் தயாராக வைத்திருங்கள்: உள்ளே போகும் தண்ணீரையும் வெளியே வரும் தண்ணீரையும் அதே மீட்டரில் அளக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போட்டபோது வந்த அளவைவிட வெளியே வருவது வெகுவாக ஏறியிருந்தால், சுவைக்காக உப்பைக் கூட்டி வைக்கும் திருகு ஏதும் திறந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது சரியாக இருந்தால்தான் மெம்பிரேனைச் சந்தேகிக்க வேண்டும்.